டாட்டூ ஃபிளாஷ்: தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி, சேலம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வடிவமைப்பு வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் தமிழில் தயாராகிறது. திங்கட்கிழமை காலை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். சொற்களால் விவரித்தால் படம் வரைந்து தரும் செயலியிடம் டாட்டூ ஃபிளாஷ், அதாவது பச்சை குத்தும் கடைச் சுவரில் மாட்டும் முன்பே வரைந்த படங்களின் பாணியில், ஒரு படம் கேட்டு வாங்குவதுதான் பயிற்சி. தடித்த கறுப்புக் கோடு, மூன்று நான்கு மை நிறங்கள், பின்னணியில்லாமல் ஒரே பொருள். பொருளாக ஏற்காட்டுக் காப்பிக் கிளையை எடுத்திருக்கிறேன், பிள்ளைகள் கண்ணால் பார்த்தது என்பதால்.

ஃபிளாஷ், செயலிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் பிராம்ப்ட் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். முன்பு யாரோ மொழிபெயர்த்த தாளில் "பச்சைக்குத்து மின்னொளி" என்று இருந்தது. மாணவிகள் அதையே தட்டச்சு செய்தார்கள். வந்த படத்தில் காப்பிக் கிளைக்குப் பின்னால் மின்னல் வெட்டியது.

கதிர், பெங்களூரு

அக்கா, மின்னொளி என்று எழுதியவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. கண்ணைப் பறிக்கும் பகட்டு என்ற பொருளும் ஃபிளாஷுக்கு உண்டு. கடைச் சுவரில் மாட்டி ஆளை உள்ளே இழுக்கிற படம் அது. அதனால் "பளிச்சுப்படம்" என்று வைக்கலாம். பளிச்சென்ற நிறம், பளிச்சென்ற கோடு, எல்லாம் அதில் வந்துவிடும்.

புலவர் ஐயா, ஆத்தூர்

பளிச்சு வெறும் குறிப்புச்சொல். அதன்மேல் கலைச்சொல் கட்டினால் நிற்காது. நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தொய்யில். மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் எழுதிய கோலம். கலித்தொகையில் பார்க்கலாம். சிலம்பில் மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியின் தோளில் கரும்பும் வல்லிக்கொடியும் எழுதுகிறான். ஒரு கரும்பு, ஒரு கொடி, சுற்றிலும் வெறுந்தோள். செல்வி அம்மா கேட்கும் "பின்னணியில்லாத ஒரே பொருள்" இதைவிட வேறென்ன? "தொய்யில்வரை" என்று வையுங்கள்.

மாதவன், சேலம்

ஐயா, தொய்யில் அழகான சொல். ஆனால் அது பூசுவது, குளித்தால் போய்விடும். நான் பச்சை குத்துகிறவன். எங்கள் தொழிலில் ஃபிளாஷ் எதற்காக வந்தது என்று சொன்னால் சொல் தேட உதவும்.

1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர் மின்சாரக் குத்துக்கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். வேலை வேகமானது. துறைமுகக் கடைகளுக்கு வருகிற மாலுமிக்குக் கரையில் இருப்பது கொஞ்ச நேரம். உட்கார்ந்து பேசி, புதிதாக வரைந்து குத்த அவகாசம் கிடையாது. அதனால் முன்பே வரைந்த படங்களைத் தாள் தாளாகச் சுவரில் மாட்டினார்கள். "அந்த நங்கூரம், அந்தக் குருவி" என்று விரல் காட்டினால் போதும். ஹொனலூலுவில் செய்லர் ஜெர்ரி என்று பேர் வாங்கிய நார்மன் காலின்ஸின் கடையும் அப்படித்தான்.

ஒரே படத்தைப் பலருக்குக் குத்த அச்சு வேண்டுமல்லவா? அந்தக் காலத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் கோட்டைக் கீறி, பள்ளத்தில் கரித்தூளைத் தேய்த்து, வாசலின் தடவிய தோலில் அழுத்துவார்கள். மயிரிழைக் கோடு அதில் விழாது. தெளிவான, மூடிய கோடுதான் விழும். தோலுக்குள் போன மையும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். மெல்லிய கோடுகளை நெருக்கி வைத்தால் அவை ஒன்றாகிவிடும். தடித்த கோடு வந்தது இந்த இரண்டு காரணத்தால்தான். ஆகவே சொல்லில் "பளிச்சு" வேண்டாம். "முன்பே வரைந்து வைத்தது, குத்துவதற்கானது" என்ற இரண்டும் வந்தால் நல்லது.

ராஜாத்தி, ஓமலூர்

குழுவில் பச்சை குத்துகிறவர் இருப்பது தெரியாமல் போய்விட்டது. தம்பி, கோயில் திருவிழாவில் சின்ன வயதில் என் இடது கையில் பேர் குத்தினார்கள். மெல்லிய ஊசியால் சின்னச் சின்ன எழுத்து. இப்போது "ஜா" ஒரு பச்சைத் திட்டு மாதிரி இருக்கிறது. சுழி எல்லாம் அடைத்துக்கொண்டது. "ரா" மட்டும் படிக்க முடிகிறது. இதை அழிக்க முடியுமா?

மாதவன்

அக்கா, அழிப்பதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள், லேசரில் செய்வார்கள். ஆனால் நீங்கள் சொன்னதைச் செல்வி டீச்சர் வகுப்பில் சொல்லலாம். "ரா"வில் கோடுகளுக்கு நடுவே இடம் இருக்கிறது, அதனால் தப்பித்தது. "ஜா"வின் சுழிக்குள் இடமே இல்லை. குத்தியபோது இரண்டும் ஒரே அளவு சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

புலவர் ஐயா

கறுப்பு மையால் குத்தியது பச்சையாகத் தெரிவதால்தான் அதற்குப் பச்சை என்று பெயர். கரி தோலுக்கு அடியில் போனால் நிறம் மாறித் தெரிகிறது. பசுமை, பச்சை, பாசி, பயிர் எல்லாம் ஒரு குடும்பம். பாசிமணி விற்றவர்களே பச்சையும் குத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கதிர்

ஐயா, பாசிமணியிலிருந்து ஃபிளாஷுக்கு எப்படித் திரும்புவது? மாதவன் அண்ணன் சொன்னபடி பார்த்தால் "குத்துப்படம்" போதும். குத்துவதற்கான படம்.

புலவர் ஐயா

அப்படியானால் "குத்துபடம்". ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. குத்திய படம், குத்துகிற படம், குத்தும் படம் என முக்காலமும் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ப் போட்டீர்களானால் முக்காலமும் போய்விடும்.

கதிர்

முக்காலம் எதற்கு ஐயா? சுவரில் தொங்கும் தாள் இன்னும் குத்தப்படாதது. குத்து என்பதைப் பெயராகவே எடுத்து, "குத்துக்கான படம்" என்று விரித்தால் ப் மிகும்.

ராஜாத்தி

நீங்கள் ப் போட்டாலும் போடாவிட்டாலும், "குத்துப்படம்" என்று சொன்னால் எங்கள் தெருவில் குத்துப்பாட்டு உள்ள சினிமா என்றுதான் நினைப்பார்கள். "பச்சை மாதிரி" என்று சொல்லுங்கள். கோலத்துக்கு மாதிரி, ரவிக்கைக்கு மாதிரி என்று கேட்டுப் பழக்கம்தானே.

புலவர் ஐயா

"பச்சை மாதிரி இருக்கிறது" என்றால் பச்சை போல இருக்கிறது என்றுதானே பொருள்? கலைச்சொல்லில் அந்த மயக்கம் வரக்கூடாது. பிராம்ப்டுக்கு மட்டும் ஐயமில்லாமல் "ஏவல்" என்று வையுங்கள். செய், வரை, தா எல்லாம் ஏவல் வினைதானே.

ராஜாத்தி

ஐயா, ஏவல் என்றால் பில்லி சூனியத்தோடு சேர்த்துச் சொல்வது. பிள்ளைகள் வீட்டில் போய் "இன்றைக்கு ஏவல் எழுதினோம்" என்றால் பெற்றவர்கள் வகுப்புக்கே வந்துவிடுவார்கள்.

செல்வி

பிராம்ப்டுக்குத் "தூண்டல்" என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்கிறேன். மாதவன், உங்கள் விளக்கத்துக்குப் பிறகு வேறொரு கவலை வந்துவிட்டது. நாம் எந்தச் சொல் வைத்தாலும் செயலிக்கு அது தெரியாது. "டாட்டூ ஃபிளாஷ் பாணியில் காப்பிக் கிளை" என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். ஒருமுறை ஒரு முழங்கை வந்தது, அதில் கிளை குத்தியிருந்தது. இன்னொரு முறை ஒரு தாள் நிறையக் கத்தி, ரோஜா, நட்சத்திரம், ஓர் ஓரத்தில் காப்பி.

மாதவன்

அது தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. டாட்டூ என்றால் அது பார்த்த படங்களில் கை இருக்கும். ஃபிளாஷ் என்றால் பல படங்கள் உள்ள தாள். பெயரை நம்பாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்ல வேண்டும். "கை வேண்டாம், பின்னணி வேண்டாம்" என்று எழுதினால் பல நேரம் கை என்ற சொல்லே கையைக் கொண்டுவந்துவிடும். வேண்டியதைச் சொல்லுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

```
ஒரே ஒரு காப்பிக் கிளை, வெற்று வெள்ளைத் தாளின் நடுவில்.
இலைகள் எதிரெதிர் இணைகளாக, மூன்று இணைகள்.
இலைக்காம்படியில் தண்டை ஒட்டிக் கொத்தாகக் காய்கள்,
சில சிவப்பு, சில பச்சை.
எல்லா வடிவத்தையும் சுற்றி ஒரே தடிமனில் மூடிய கறுப்புக் கோடு.
கறுப்பு, சிவப்பு, பச்சை மை மட்டும்.
கோட்டிலிருந்து உள்நோக்கிக் கறுப்பு நிழல், புள்ளிகளாகக் கரைந்து மறைவது.
ஒவ்வொரு இலையிலும் ஒரு பகுதி நிறமில்லாமல் வெற்றிடமாக.
```

காயை "தண்டை ஒட்டி" என்று சொல்லாவிட்டால் நீளக் காம்பில் செர்ரிப்பழம் தொங்கும். ஏற்காட்டில் வளர்ந்த பிள்ளை அதை உடனே பிடித்துவிடும்.

கதிர்

நிழல் எதற்கு அண்ணா? தடித்த கோடு, தட்டையான நிறம் என்று சொன்னால் போதாதா?

மாதவன்

அப்படிக் கேட்டால் ஸ்டிக்கர் வரும், தம்பி. சுற்றிலும் வெள்ளை விளிம்பு வைத்து வெட்டியதுபோல. இந்தப் பாணிக்கு உயிர் அந்தக் கறுப்பு நிழல். எங்களிடம் ஒரு வழக்கு உண்டு: மூன்றில் ஒரு பங்கு கறுப்பு, ஒரு பங்கு நிறம், ஒரு பங்கு வெறுந்தோல். நிறம் வெளுத்தாலும் கறுப்பு நின்று உருவத்தைக் காட்டும்.

மஞ்சளை வேண்டுமென்றே விட்டேன். பழைய தாள்களில் மஞ்சள் உண்டு, ஆனால் மை இருப்பது நம் தோலின் நிறத்துக்கு அடியில். மாநிறத் தோலில் மஞ்சள் மங்கிப்போகும். சிவப்பும் அடர்பச்சையும் தெரியும்.

செல்வி

இதைப் போட்டுப் பார்த்தேன். கை வரவில்லை, ஒரே கிளைதான். காய்களும் தண்டை ஒட்டி வந்தன. ஆனால் இலை நரம்புகளைச் சீப்புப்பல்போல நெருக்கி வரைந்துவிட்டது. பச்சையிலும் நாலைந்து சாயல். நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் பட்டது.

மாதவன்

திரையில் பெரிதாகப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கும். உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கி அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் ஒன்றாகிச் சாம்பல் திட்டாகத் தெரிந்தால் அது ராஜாத்தி அக்காவின் "ஜா"தான். தூண்டலில் "ஒவ்வொரு இலையிலும் நடுநரம்பும் பக்கத்துக்கு மூன்று நரம்பும் மட்டும்" என்று சேருங்கள். எண்ணிக்கையை அது அப்படியே கேட்காது, ஆனாலும் குறையும்.

நிறச் சாயலைச் சொல்லால் முழுக்க அடக்க முடியாது. அச்சிட்டதன்மேல் டிரேசிங் தாளை வைத்துக் கோட்டை மட்டும் பிள்ளைகளே இழுக்கட்டும், பிறகு மூன்று மையால் நிரப்பட்டும். எங்கே கோடு மூடாமல் நிற்கிறது என்பது அப்போது தெரியும்.

புலவர் ஐயா

தம்பி சொல்வதெல்லாம் சரி. ஆனால் கோட்டை இழுக்கிற பிள்ளை தான் வரைவதற்கு ஒரு தமிழ்ப் பெயர் கேட்கும். "தொய்யில்வரை" என்று சொன்னால் அதன் பின்னால் ஈராயிரம் ஆண்டு நிற்கிறது. குளித்தால் போகும் என்பது ஒரு குறையா? சுவரில் மாட்டிய தாளும் தோலில் இல்லையே!

மாதவன்

அந்தக் கடைசி வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. இருந்தாலும் என் கடைக்கு வருகிறவர் "தொய்யில்வரை காட்டுங்கள்" என்று கேட்கமாட்டார். "டிசைன் காட்டுங்க" என்பார்.

செல்வி

நேரமாகிவிட்டது. தலைப்பில் "டாட்டூ ஃபிளாஷ்" என்று ஒருமுறை, அதன்பின் தாள் முழுக்கக் "குத்துப்படம்". கதிரும் மாதவனும் ஒப்புக்கொள்கிறார்கள், தனிமடலில் இன்னும் இருவர். ராஜாத்தி அக்கா சொன்ன குழப்பம் வராமலிருக்க முதல் இடத்தில் "பச்சைக் குத்துப்படம்" என்று போடுகிறேன். டிரேசிங் தாள் வேலையை இரண்டாம் பாடவேளைக்குச் சேர்த்திருக்கிறேன்.

ராஜாத்தி

எனக்கு இன்னும் "மாதிரி"தான் பிடித்திருக்கிறது. பதிவு செய்துகொள்ளுங்கள்.

புலவர் ஐயா

பெரும்பான்மைக்கு இலக்கணம் கட்டுப்படாது. "குத்துபடம்" என்று ப் இல்லாமலாவது அச்சிடுங்கள். திங்கள் காலைவரை நேரம் இருக்கிறதே.