வண்டி எடுக்கும்போதே இருந்த கீறலுக்கு 440 பவுண்டு எடுத்துவிட்டார்கள். போட்டோ இருக்கிறது, எப்படி மறுப்பது?

தண்டையார்பேட்டை டு லீட்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். லீட்ஸுக்கு வேலைக்குப் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்காக இப்போது தண்டையார்பேட்டை வீட்டில் இருக்கிறேன். கிளம்புவதற்கு முன் அங்கே ஒரு வாரம் வாடகைக் கார் எடுத்து ஓட்டிவிட்டு, மான்செஸ்டர் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு ஃப்ளைட் ஏறினேன். விடியற்காலை என்பதால் கவுன்டரில் ஆள் இல்லை. சாவியைப் பெட்டியில் போட்டேன்.

பத்திரிகை வைக்க வியாசர்பாடிப் பக்கம் போயிருந்தபோது மெயில் வந்தது. பின் பம்பர் வலது மூலையில் 18 செ.மீ. கீறலாம். பெயிண்ட் வேலை 395, நிர்வாகக் கட்டணம் 45, மொத்தம் 440 பவுண்டு. கேட்கக்கூட இல்லை, என் இங்கிலாந்து கிரெடிட் கார்டில் எடுத்தேவிட்டார்கள். வாடகையே 230 தான்.

அந்தக் கீறல் வண்டி எடுக்கும்போதே இருந்தது. கவுன்டர் ஆள் ஃபாரத்தில் இருக்கிற கார் படத்தில் அதே மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஆனால் அளவுக் கட்டத்தில் ‘5 செ.மீ.க்குள்’ என்று டிக் செய்திருக்கிறார். நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது கம்பெனி சொல்வது: ஃபாரத்தில் இருப்பது சின்னக் கீறல், இது வேறு, புதுசு. போட்டோ நிறைய எடுத்து வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ராயபுரம் கல்மண்டபம்

எனக்கும் இதே கதைதான் தம்பி. ஸ்பீடு கேமராவில் மாட்டியதற்கு அபராதம் தனியாக வந்தது. என் பெயர், விலாசத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனி தனியாக 40 பவுண்டு எடுத்தது. சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று ஒரே பதில். கட்டிவிட்டுக் கல்யாண வேலையைப் பார்.

திருவொற்றியூர் டு டல்லாஸ்

கட்டாதே. முதலில் கார்டை பிளாக் பண்ணு. அப்புறம் பேங்குக்கு டிஸ்ப்யூட் போடு. ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதைத் தாண்டினால் போச்சு. கம்பெனியிடம் பேசுவதே வீண்.

பெரம்பூர் அக்கா

நான் இங்கிலாந்தில் வாடகைக் கார் கம்பெனி ஒன்றில், திரும்பி வரும் வண்டியைச் சோதிக்கிற இடத்தில் சில வருஷம் வேலை பார்த்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கல்மண்டபம் அண்ணா சொல்வது வேறு விஷயம். அபராதத்துக்கு வரும் கட்டணம் ஒப்பந்தப்படி வருவது, அங்கே தகராறுக்கு இடம் குறைவு. இங்கே கேள்வி, சேதம் யார் கையில் இருந்தபோது ஆனது என்பது. டல்லாஸ் தம்பி சொல்லும் 60 நாள் அமெரிக்கக் கார்டுக்கான சட்டம். நம்மவர் வைத்திருப்பது இங்கிலாந்து கிரெடிட் கார்டு. கார்டை பிளாக் செய்வதில் ஒரு லாபமும் இல்லை. பணம் ஏற்கெனவே போய்விட்டது. இன்னும் ஏதாவது பாக்கி இருந்தால் அதை வசூல் ஏஜென்சியிடம் தள்ளிவிடுவார்கள்.

கம்பெனிக்காரன் மனசில் என்ன ஓடும் என்று சொல்கிறேன். அவன் மேஜையில் இருப்பது இரண்டே இரண்டு: நீ கையெழுத்துப் போட்ட ஃபாரம், வண்டி திரும்பியபின் எடுத்த போட்டோ. ஃபாரத்தில் ‘5 செ.மீ.க்குள்’, போட்டோவில் நீளக் கீறல். அவனுக்குக் கணக்கு நேர். அதைக் கலைக்க, ‘நான் அப்படிச் செய்யவே இல்லை’ என்று பத்து வரி எழுதிப் பிரயோஜனம் இல்லை. குறி போட்ட கீறலும் இப்போது காசு கேட்கிற கீறலும் ஒன்றே, அளவைத்தான் கவுன்டர் ஆள் தப்பாக டிக் செய்தார் என்று காட்டவேண்டும். அந்த மூலையில் குறி இருப்பதே உனக்குப் பெரிய பலம். குறியே இல்லாத ஃபாரம் என்றால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

முதலில் அவர்களுடைய போட்டோவைக் கேட்டு வாங்கு. சுருக்கிய படம் வேண்டாம், எடுத்த தேதியும் நேரமும் உள்ள மூலப் படம். கூடவே ரிப்பேர் எஸ்டிமேட். உனக்கு முன்னால் எடுத்தவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த பம்பரைப் பற்றி என்ன பதிவு இருந்தது என்பதையும் கேள். இந்தக் கடைசி ஒன்றைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஆனால் கேட்டதும் தராததும் மெயிலில் பதிவாக இருக்கட்டும்.

இப்போது உன் படத்தில் என்ன தெரிகிறது, சொல்.

தண்டையார்பேட்டை டு லீட்ஸ்

அக்கா, கம்பெனியின் குளோஸ்-அப் படம் மெயிலிலேயே இருந்தது. அதில் நம்பர் பிளேட் தெரியவில்லை. என்னுடையதில் வண்டியின் பின்பக்கம் முழுசாக, நம்பர் பிளேட்டோடு ஒன்று. அந்த மூலையைக் கிட்டத்தில் இரண்டு. மழை தூறியதால் பம்பர் மேல் தண்ணீர்த் துளி. ஆனாலும் கீறல் தெரிகிறது: சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு மேலே இரண்டு கோடு. கீழ்க்கோடு நீளம், சக்கரப் பக்கம் போய் தூண்டில் மாதிரி வளைந்து முடிகிறது. கம்பெனி படத்திலும் அதே வளைவு.

கொருக்குப்பேட்டை பெயிண்டர்

நான் ஊரிலேயே டிங்கரிங், பெயிண்டிங் பார்க்கிறவன். தம்பி தனியாக அனுப்பிய படங்களைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன்.

இரும்பு பாடி என்றால் துருவை வைத்து பழசா புதுசா சொல்லிவிடலாம். பம்பர் பிளாஸ்டிக், துரு பிடிக்காது. அங்கே அழுக்கைப் பார்க்கவேண்டும். புதுக் கீறலின் ஓரம் பிசிறு பிசிறாக, உள்ளே சுத்தமாக இருக்கும். பழசில் ரோட்டுக் கறுப்பு உட்கார்ந்திருக்கும். வாட்டர் வாஷும் பாலிஷும் பார்த்த வண்டி என்றால் பாலிஷ் மாவு வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். தம்பி, கம்பெனி அனுப்பிய படத்தில் கீழ்க்கோட்டு வளைவுக்குள் வெள்ளை தெரிகிறது. பிளாஸ்டிக் தெரிகிற வெள்ளை அது இல்லை, வண்டியின் பம்பர் பிளாஸ்டிக் கறுப்பு. காய்ந்த பாலிஷ் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் படத்தை மட்டும் பார்த்து சத்தியம் பண்ணமாட்டேன்.

இன்னொன்று. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டாத கீறல் என்றால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே போய்விடும். அதற்கு முழு பம்பரும் பெயிண்ட் அடிக்கக் காசு கேட்பதா? எஸ்டிமேட்டில் எத்தனை மணி நேர வேலை என்று போட்டிருக்கிறார்கள், பாரு.

பெரம்பூர் அக்கா

பெயிண்டர் அண்ணா சொன்ன அழுக்கு விஷயத்தை மெயிலில் ஒரு வரியாக மட்டும் வை. கம்பெனி அதை ‘உங்கள் கருத்து’ என்று ஒதுக்கிவிடும். காம்பவுண்ட் பேச்சை இப்போதைக்கு எடுக்காதே. விலை அதிகம் என்று வாதாட ஆரம்பித்தால், கீறல் உன்னுடையது என்று பாதி ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

தூண்டில் வளைவு போதும். உன் படத்தையும் அவர்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரிஃப்ளெக்டரின் விளிம்பிலிருந்து கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது என்று இரண்டிலும் வட்டம் போடு. நீளத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்து கார்களின் சாதாரண நம்பர் பிளேட் 520 மி.மீ. அகலம். முழுப் படத்தில் அதை வைத்து ஒப்பிட்டால் கீறல் 5 செ.மீ.யா அதைவிட நீளமா என்று தெரிந்துவிடும். பம்பர் மூலையில் வளைவதால் சரியான அளவு கிடைக்காது, ஆனால் 5-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

மூன்று படம் போதும். நாற்பது அனுப்பினால் யாரும் பார்க்கமாட்டார்கள். வட்டம் போட்டது நகலாக இருக்கட்டும், கூடவே தொடாத மூலப் படத்தையும் இணை. வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் உதவாது, எடுத்த நேரம் அதில் அழிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், அதில் தண்டையார்பேட்டையில் எடுத்த தேதிதான் இருக்கும்.

மாதவரம் மில்க் காலனி

குறுக்கே ஒரு கேள்வி. போன் நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே? வண்டியை விட்டபிறகு எடுத்த படம் என்று சொன்னால்?

பெரம்பூர் அக்கா

நல்ல கேள்வி, அப்படிச் சொல்வார்கள். அதற்குத்தான் டாஷ்போர்டு படம். ஃபாரத்தில் வண்டி வெளியே போகும்போது எத்தனை மைல் என்று எழுதியிருக்கும். அதே வரிசையில் ஓடோமீட்டரைப் படம் எடுத்திருந்தால், இரண்டு எண்ணும் ஒன்று என்றால், வண்டி இன்னும் நகரவில்லை என்று அர்த்தம். தம்பி, எடுத்தாயா?

தண்டையார்பேட்டை டு லீட்ஸ்

பெட்ரோல் அளவுக்காக எடுத்தேன் அக்கா, ஓடோமீட்டரும் விழுந்திருக்கிறது! ஃபாரத்திலும் படத்திலும் 14,206. பம்பர் படத்துக்கு அடுத்த படமே அதுதான், பின்னால் அதே கார் பார்க்கிங் தூண்.

பெரம்பூர் அக்கா

அப்புறம் என்ன. மெயில் சின்னதாக இருக்கட்டும். இந்தக் கட்டணத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் ஃபாரத்திலேயே அதே இடத்தில் குறி இருக்கிறது. வண்டி 14,206 மைலில் நின்றபோது எடுத்த படத்தில் முழுக் கீறலும் தெரிகிறது. 440 பவுண்டையும் திருப்புங்கள், இல்லையென்றால் உங்கள் இறுதிப் பதிலை எழுத்தில் தாருங்கள். அவ்வளவுதான். போனில் பேசினால், பேசியதை உடனே ஒரு மெயிலாகப் போடு.

மறுத்தால் இரண்டு கதவு. கம்பெனி பி.வி.ஆர்.எல்.ஏ. என்கிற வாடகை வண்டிச் சங்கத்தில் உறுப்பினரா என்று பார். உறுப்பினர் என்றால் அவர்களிடம் சமரசப் பிரிவு இருக்கிறது, கம்பெனியிடம் முதலில் புகார் கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று உன் பேங்க். கார்டில் போன பணத்தைக் கம்பெனியிடமிருந்து பேங்க் திரும்ப வாங்கித் தருகிற சார்ஜ்பேக்கைக் கேள், பொதுவாக 120 நாள் கணக்கு, தள்ளிப் போடாதே. வாடகை 100 பவுண்டுக்கு மேல், கிரெடிட் கார்டில் கட்டியது என்பதால் கம்பெனியோடு சேர்த்து பேங்கும் பொறுப்பு என்று சொல்கிற, 1974-ஆம் வருஷத்து நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவையும் கேட்கலாம். இடையில் ஒரு புக்கிங் வெப்சைட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் அது சிக்கலாகும். பேங்கும் கைவிரித்தால், அவர்கள் இறுதிப் பதில் வந்து ஆறு மாசத்துக்குள், பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

திருவொற்றியூர் டு டல்லாஸ்

சரி அக்கா, 60 நாள் என் ஊர்க் கணக்கு. ஆனால் பேங்குக்கு நேரே போனால் வேலை சீக்கிரம் முடியும் என்பதில் நான் மாறவில்லை.

பெரம்பூர் அக்கா

போகலாம், தப்பில்லை. பேங்க் முதலில் கேட்பதே ‘கம்பெனியிடம் கேட்டீர்களா, என்ன சொன்னார்கள்’ என்றுதான்.

தண்டையார்பேட்டை டு லீட்ஸ்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கம்பெனி மூலப் படங்களைக் கேட்டார்கள், அனுப்பினேன். இப்போது பதில்: 395 பவுண்டைத் திருப்புகிறார்களாம், ‘நல்லெண்ணத்தின் பேரில்’. ஆனால் 45 பவுண்டு நிர்வாகக் கட்டணம் அப்படியே நிற்குமாம், சேதத்தைப் பரிசீலித்த வேலைக்காக. விட்டுவிடலாமா?

ராயபுரம் கல்மண்டபம்

விடு தம்பி. 395 வந்ததே பெரிசு.

பெரம்பூர் அக்கா

நான் விடமாட்டேன். அந்தக் கட்டணம் நீ செய்த சேதத்தைக் கையாளுவதற்கு என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கும், அந்த வரியை எடுத்துப் பார். சேதமே உன்னுடையது இல்லை என்றால் அந்த வரி உனக்குப் பொருந்தாது. அதை மேற்கோள் காட்டி ஒரு மெயில், பேங்குக்கும் 45 பவுண்டுக்கு மட்டும் ஒரு டிஸ்ப்யூட். ‘நல்லெண்ணம்’ என்ற வார்த்தைக்கு நன்றி சொல்லி, முழுசாக முடிந்தது என்று மட்டும் எழுதிவிடாதே.

மாதவரம் மில்க் காலனி

அந்தச் சாவிப் பெட்டி விஷயம் யாரும் பேசவில்லையே. நானும் அடுத்த மாசம் விடியற்காலை ஃப்ளைட். வண்டியை விட்டபிறகு, அவர்கள் கடை திறப்பதற்குள் வேறு யாராவது இடித்தால்?

பெரம்பூர் அக்கா

அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை உன் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. நிறுத்திய இடத்தின் எண் தெரிய நான்கு பக்கமும் எடுத்துக்கொள், ஓடோமீட்டரையும் எடு. நடுவில் எவனாவது இடித்தால் யார் தலையில் விழும் என்பதில் எங்கள் ஆபீஸிலேயே ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.