டிரிகர் ஆனது, ஆனால் விற்கவில்லை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கணக்கன்

போன மாதம் பட்ட அடியை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. என்னிடம் ஒரு கம்பெனியின் பங்கு 600 இருந்தது, 100-க்கு வாங்கியது. டிரிகர் 96, லிமிட் 95.50 என்று ஸ்டாப்-லிமிட் ஆர்டர் போட்டிருந்தேன், நானாக ரத்து செய்யும்வரை நிற்கிற வகை. சாதாரண ஸ்டாப் போட்டால் கண்ட விலைக்குத் தள்ளிவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், டிரிகருக்குக் கீழே அரைப் புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு கெத்து.

ஒரு நாள் 98.40-ல் முடிந்தது. சந்தை மூடிய பிறகு காலாண்டு முடிவு வந்தது, மோசம். மறுநாள் காலை முதல் விலையே 91.20. போனில் 'உங்கள் ஸ்டாப் ஆர்டர் டிரிகர் ஆனது' என்று செய்தி வந்ததும், சரி, விற்றுவிட்டது, தப்பித்தோம் என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சந்தை மூடிய பிறகு திறந்து பார்த்தால் 600 பங்கும் அப்படியே இருக்கிறது, விலை 88.60. அடுத்த நாள் காலையில் கையால் விற்கப் போனால் 'விற்கப் போதிய பங்கு இல்லை' என்று திருப்பியடித்தது. அந்தப் பழைய ஆர்டர் 95.50-ல் உட்கார்ந்துகொண்டு 600 பங்கையும் பிடித்து வைத்திருந்திருக்கிறது! அதை ரத்து செய்து, திரும்ப ஆர்டர் போட்டு, 87.90-க்கு வெளியே வந்தேன். 2700 போகும் என்று கணக்குப் போட்ட இடத்தில் 7260 போனது.

இது புரோக்கரின் தப்பா, என் தப்பா? இதே மாதிரி மாட்டியவர்கள் சொல்லுங்கள்.

சிவப்பு மெழுகுவர்த்தி

உங்கள் தப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவில் வெறும் அரைப் புள்ளி விட்டால் எப்படி? அந்தப் பங்கு சராசரியாக ஒரு நாளில் எவ்வளவு ஆடுகிறதோ அந்த அளவு இடைவெளி விட வேண்டும். நான் நாலு வருஷமாக அப்படித்தான் போடுகிறேன், ஒரு தடவைகூட விற்காமல் நின்றதில்லை. அப்படிப் போட்டால் கட்டாயம் விற்கும்.

புதுசு

எனக்கு இதற்கு நேர் எதிராக நடந்தது. பங்கு 100-ல் இருக்கும்போது, 96-க்கு இறங்கினால் விற்கட்டும் என்று 96-க்கு லிமிட் போட்டேன். போட்ட அடுத்த நொடியே 100-க்கு விற்றுவிட்டது. இது ஆப்பில் உள்ள கோளாறா?

வேப்பங்கிளை

பல வருஷம் ஒரு டீலிங் டெஸ்க்கில் உட்கார்ந்தவன் நான், இந்த இரண்டு புகாரையும் மாறி மாறிக் கேட்டிருக்கிறேன். முதலில் புதுசுக்கு: கோளாறு இல்லை. நீங்கள் போட்டதில் டிரிகரே கிடையாது. 96 என்று லிமிட் போட்டு விற்றால் '96-க்குக் குறையாமல் கொடு' என்றுதான் பொருள், 100-க்கு வாங்க ஆள் நிற்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும்? 96-க்கு இறங்கிய பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும் என்றால் ஸ்டாப் வேண்டும்.

இப்போது கணக்கனுக்கு. டிரிகர் ஆவதும் விற்பதும் இரண்டு வேறு சம்பவங்கள். சாதாரண ஸ்டாப் டிரிகர் ஆனால் மார்க்கெட் ஆர்டராக மாறும், அந்த நேரத்தில் எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்கள் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடும். ஸ்டாப்-லிமிட் டிரிகர் ஆனால் லிமிட் ஆர்டராக மாறும், அவ்வளவுதான். உங்களுக்கு 91.20-ல் முதல் வியாபாரம் நடந்ததும், 96-க்குக் கீழே வந்துவிட்டது என்று ஆர்டர் விழித்தது. விழித்து என்ன செய்தது? 91 கொடுத்தால் கிடைக்கிற பொருளை 95.50-க்கு விற்கிறேன் என்று வரிசையில் போய் நின்றது. யார் வாங்குவார்கள்? அந்த நொடியிலிருந்து அது நஷ்டத்தைத் தடுக்கிற ஆர்டரே இல்லை, விலை ஏறினால் விற்கிற ஆர்டர். டிரிகரும் தீர்ந்துவிட்டது, விலை 88-க்குப் போனாலும் 80-க்குப் போனாலும் இன்னொரு தடவை விழிக்காது.

சாதாரண ஸ்டாப்பாக இருந்திருந்தால் அன்று காலையே 91-ஐ ஒட்டிப் போயிருக்கும். அதுவும் 96 இல்லைதான், ஆனால் 87.90-ம் இல்லை.

இடைவெளி பற்றி மெழுகுவர்த்தி சொன்னது பாதி சரி. சாதாரண நாளில் அது போதும். ஆனால் ஒரு நாளின் சராசரி ஆட்டம் சாதாரண நாட்களை வைத்துப் போட்ட கணக்கு. இந்தப் பங்கு தினம் 2 புள்ளி ஆடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறைப்படி லிமிட் 94. திறந்ததோ 91.20. நாலு வருஷம் தப்பித்தீர்கள் என்றால் முடிவு வெளியாகும் நாளில் கையில் பங்கு இல்லாமல் இருந்திருப்பீர்கள்.

ஒத்தையடி

எனக்கு நடுப்பகலிலேயே நடந்தது, இரவோடு இரவாக விலை குதிக்காமலேயே. அதே மாதிரி 600 பங்கு, டிரிகர் 96, லிமிட் 95.50. விலை 96.30-ல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, ஏதோ ஒரு செய்தி வந்து சரசரவென்று இறங்கியது. ஆர்டர் விழித்த நேரத்தில் 95.90-ல் 120 பங்குக்கும், 95.70-ல் 80-க்கும், 95.50-ல் 60-க்கும் வாங்க ஆள் இருந்தார்கள், அதற்குக் கீழே அடுத்த ஆள் 94.90-ல். ஆக 260 பங்கு விற்றது, மீதி 340 மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் விலை 93.

அன்று புரிந்தது என்னவென்றால், 96 மாதிரி முழு எண்ணில் நான் மட்டும் ஸ்டாப் வைப்பதில்லை, ஊரே அங்கேதான் வைக்கிறது. எல்லாருடைய ஆர்டரும் ஒரே நொடியில் விழிக்கும், முன்னால் போகிறவன் வாங்க நிற்பவர்களைத் தின்றுவிட்டுப் போவான், அதுவும் சாதாரண ஸ்டாப் வைத்தவனுக்கு லிமிட்டே கிடையாது, கிடைத்ததையெல்லாம் எடுப்பான். எனக்கு 260-ஆவது கிடைத்ததே அதிர்ஷ்டம்.

நள்ளிரவு ரயில்

2015 ஜனவரி 15. கரன்சி வியாபாரம் செய்தவர்களுக்குத் தேதி சொன்னாலே போதும். ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பரிலிருந்து பிடித்து வைத்திருந்தது, அன்று காலை திடீரென்று விட்டுவிட்டது. நான் யூரோ வாங்கி வைத்திருந்தேன், 1.1990-ல் சாதாரண ஸ்டாப். விற்றது 1.03-க்குக் கீழே. நடுவில் விலையே இல்லை, திரையில் எண்கள் குதித்துக் குதித்துப் போயின.

உடன் வியாபாரம் செய்த நண்பர் புத்திசாலித்தனமாக 1.1990 டிரிகர், 1.1970 லிமிட் என்று வைத்திருந்தார். அவருக்கு விற்கவே இல்லை. யூரோ மறுபடி 1.20 பிராங்கைத் தொட்டது 2018 ஏப்ரலில், மூன்று வருஷத்துக்கு மேல். அவர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை, அன்று மதியமே கையால் மூடினார், என்னைவிட மோசமான விலையில்.

கணக்கன்

அப்படியென்றால் ஸ்டாப்-லிமிட்டால் பிரயோஜனமே இல்லையா? பேசாமல் எல்லாவற்றையும் சாதாரண ஸ்டாப்பாக மாற்றிவிடட்டுமா?

வேப்பங்கிளை

அவசரப்படாதீர்கள், அந்தப் பக்கமும் குழி இருக்கிறது. அதே 2015-ல் ஆகஸ்ட் 24, அமெரிக்கச் சந்தை திறந்த முதல் சில நிமிடங்கள். வாங்க ஆள் இல்லாமல் நல்ல நல்ல ஈடிஎஃப்கள், உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட வெகு கீழே போய் வியாபாரமாயின. அன்று ஒரே நாளில் 471 ஈடிஎஃப்களிலும் பங்குகளிலுமாகச் சேர்த்து 1278 தடவை வியாபாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. சாதாரண ஸ்டாப் வைத்தவர்களுக்கு அடிமட்ட விலையில் விற்றது, அந்த விலைகளில் பல கொஞ்ச நேரத்திலேயே ஏறி வந்துவிட்டன. அங்கே ஸ்டாப்-லிமிட் வைத்து விற்காமல் நின்றவன்தான் பிழைத்தான். நியூயார்க் பங்குச் சந்தை 2016 பிப்ரவரியிலிருந்து ஸ்டாப் ஆர்டர்களை நேரடியாக வாங்குவதையே நிறுத்திக்கொண்டது. புரோக்கர்கள் தங்கள் கணினியில் வைத்திருந்து, டிரிகர் ஆனதும் அனுப்புகிறார்கள்.

ஆக, இறங்குவது தற்காலிகமா நிஜமா என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எந்த ஆர்டர் நல்லது என்று சொல்ல முடியும். தெரியாது. நான் செய்வது ஒன்றுதான், லிமிட்டை வெகு தூரத்தில் வைப்பேன். டிரிகர் 96 என்றால் லிமிட் 88.

சிவப்பு மெழுகுவர்த்தி

88-ஆ? அப்படி வைத்தால் 88-க்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே, எதற்கு வலியப் போய் எட்டுப் புள்ளியைத் தானம் செய்ய வேண்டும்?

வேப்பங்கிளை

இல்லை. புதுசு 96 கேட்டு 100 வாங்கியது ஏன் என்று மேலே சொன்னேனே, இங்கேயும் அதேதான். 88 என்பது தரை, விற்கும் விலை இல்லை. விழிக்கிற நேரத்தில் 95.90-ல் ஆள் இருந்தால் 95.90 கிடைக்கும். ஒத்தையடி சொன்ன அதே நிலவரத்தில் லிமிட் 88 இருந்திருந்தால், முதல் 260 பங்கு அதே விலைகளில் போயிருக்கும், மீதி 340-ம் 94.90-லும் அதற்குச் சற்றுக் கீழேயும் நிற்பவர்களிடம் போயிருக்கும். கணக்கனுக்கு 91-ஐ ஒட்டி. 88-க்கும் கீழே ஒரேயடியாகப் போனால் மட்டும்தான் நிற்கும், அந்த அளவு போகும்போது விற்கலாமா வேண்டாமா என்று நானே உட்கார்ந்து யோசிக்க விரும்புவேன்.

நள்ளிரவு ரயில்

யோசிக்கிறவருக்குச் சரி. நான் கடன் வாங்கிப் பிடித்த பொசிஷன் அது, யோசிக்க உட்கார்ந்திருந்தால் கணக்கு மைனஸுக்குப் போயிருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு மோசமான விலையானாலும் வெளியே வந்தால் போதும். 88 தரையெல்லாம் சொந்தக் காசில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு. இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் வேப்பங்கிளை.

ஒத்தையடி

இன்னொன்று, டிரிகர் எந்த விலையைப் பார்த்து விழிக்கிறது என்று உங்கள் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடைசியாக வியாபாரமான விலை, சில இடங்களில் வாங்குபவர் கேட்கும் விலை. அதிகம் வியாபாரமாகாத பங்கில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும்.

கணக்கன்

பார்த்தேன், என்னுடையது கடைசி வியாபார விலை. அந்த டிரிகர் செய்தியையும் மறுபடி எடுத்துப் படித்தேன். அடியில் சின்ன எழுத்தில் 'நிறைவேறிய அளவு: 0' என்று இருக்கிறது. அன்று காலை அதைப் படித்திருந்தால் 91-ல் இருக்கும்போதே லிமிட்டை இறக்கித் திருத்தியிருக்கலாம், ரத்து செய்யக்கூட வேண்டியிருந்திருக்காது.

மற்ற இரண்டு பங்குகளுக்கு லிமிட்டைக் கீழே தள்ளி வைத்துவிட்டேன். மூன்றாவது ஒன்று இருக்கிறது, தினமும் சில நூறு பங்குதான் கைமாறும், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே மூன்று புள்ளி. அதற்கு லிமிட்டை எங்கே வைத்தாலும் தப்பாகத்தான் படுகிறது, இப்போதைக்கு ஆர்டரே இல்லாமல் இருக்கிறது.

புதுசு

அப்போ என் 100-ம் லாபம்தானே?