சுங்கத்துக்கு எழுதிய கடிதமும் ஆறு மாதக் கணக்கும்: வீட்டுப் பொருள்களுடன் ஊர் திரும்பியவர்களின் அனுபவங்கள்

இளங்கோ

வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2019-இல் நிரந்தரமாகத் திரும்பினேன். வீட்டுப் பொருள்கள் கப்பலில் தனியே வந்தன. நிரந்தரமாகத் திரும்புவோரின் வீட்டுப் பொருள்களுக்குத் தீர்வை விலக்கு தரும் வசிப்பிட மாற்றச் சலுகையைக் கேட்டுச் சுங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைக் கிளியரிங் ஏஜென்ட் தயாராகவே வைத்திருந்தார். "இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் பணியாற்றியுள்ளேன், தீர்வை விலக்கு அளித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பதோடு அது முடிந்துவிட்டது.

சுங்க அதிகாரி கடிதத்தைப் படிக்கவே இல்லை. பழைய கடவுச்சீட்டையும் புதியதையும் அருகருகே விரித்து, இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரையையும் வெளியேறிய முத்திரையையும் ஒவ்வொன்றாகத் தேடி, என் கடிதத்தின் ஓரத்திலேயே பென்சிலால் தேதிகளை எழுதிக் கூட்டினார். பிறகு, "கடைசி இரண்டு ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கேயே இருந்திருக்கிறீர்கள்" என்றார். என் தந்தை அந்த ஆண்டுகளில்தான் இரண்டு முறை மருத்துவமனையில் இருந்தார். அவரைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

என் பொருள்களை 4,10,000 ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து, அந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்காதிருந்தால் அப்போது 5 லட்சம் வரை விலக்கு இருந்தது, எதுவும் கட்ட வேண்டியிருந்திருக்காது. ஆறு மாத வரம்பு மீறலைத் தளர்த்த மறுத்திருந்தால், இரண்டு ஆண்டுகளில் ஓராண்டாவது வெளியே இருந்தவருக்கான 2 லட்ச வரம்புக்கு இறங்கியிருப்பேன். மீதி 2,10,000 ரூபாய்க்கு அப்போதைய 38.5 சதவீத வீதத்தில் 80,850 ரூபாய் கட்ட நேர்ந்திருக்கும். கடிதத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்து, தளர்வும் கிடைத்தது. இதே சிக்கலில் மாட்டியவர்கள் உங்கள் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று பகிர வேண்டுகிறேன்.

ரஃபீக்

இதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. இரண்டு மாதம் வரையிலான குறைபாட்டை உதவி ஆணையரே மன்னிக்கலாம் என்று விதியில் தெளிவாக இருந்தது. என் மைத்துனருக்கு அதே மேசையில், அதே நாளில் முடிந்தது. உங்கள் ஏஜென்ட் உங்களை வீணாக அலைய விட்டிருக்கிறார்.

கலைவாணி

நான் இத்தகைய பொதிகளின் ஆவணங்களை ஒரு கிளியரிங் நிறுவனத்தில் பல ஆண்டுகள் கையாண்டவள். ரஃபீக் சொல்வது வேறொரு நிபந்தனைக்குப் பொருந்தும். 2016-ஆம் ஆண்டு விதிகளில், வெளிநாட்டில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருக்க வேண்டும் என்பதில் இரண்டு மாதம் வரை குறைந்தால் அதைத் துணை ஆணையரோ உதவி ஆணையரோ மன்னிக்க முடிந்தது. இடையில் இந்தியாவில் தங்கிய காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதைத் தளர்த்தும் அதிகாரம் முதன்மை ஆணையருக்கோ ஆணையருக்கோதான் இருந்தது. முன்னதைக் கேட்கும் கடிதத்தைப் பின்னதற்குக் கொடுத்தால், கீழுள்ள அதிகாரி விரும்பினாலும் கையெழுத்திட முடியாது. கோப்பு மேலே போய் வருவதற்குள் கொள்கலனுக்குத் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

இளங்கோவுக்குத் தளர்வு கிடைத்ததன் காரணம் இரக்கம் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். சிறப்புச் சூழ்நிலை இருக்க வேண்டும், அதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும் என்று அந்த விதி சொன்னது. ஆகவே, அவர் கோப்பில் அப்படியே எடுத்து எழுதக்கூடிய வாக்கியத்தை உங்கள் கடிதம் கொடுக்க வேண்டும். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதினால் அவரால் எதையும் பதிய முடியாது. "இந்தத் தேதியில் வந்தேன், மறுநாள் தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், வீடு திரும்பிய சீட்டின் தேதி இது, நான் வெளியேறிய தேதி இது, சீட்டின் நகல் இணைப்பில் உள்ளது" என்று எழுதினால் அவருடைய வேலை பாதி முடிந்துவிடும். கூடுதலாகத் தங்கிய நாள்களுக்கு மட்டும் காரணம் சொல்லிவிட்டு மற்ற வருகைகளை விட்டுவிடாதீர்கள். முத்திரைகளை எண்ணுபவர் எல்லா வருகைகளையும்தான் பார்ப்பார், சொல்லாமல் விட்ட வருகை மறைத்த வருகையாகத் தெரியும்.

சிவநேசன்

எனக்கு நடந்தது ரஃபீக் சொன்ன வகையைச் சேர்ந்தது. ஒப்பந்த முடிவில் சேர்ந்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வந்ததால், இரண்டு ஆண்டு நிறைவதற்குச் சில வாரங்கள் குறைந்தன. அது பணி முடிவு விடுப்புதான் என்று நிறுவனம் தந்த சான்றிதழை இணைத்ததும் அதிகாரி வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் பட்டியலில் தட்டைத் திரைத் தொலைக்காட்சியையும் விலக்குக்குரிய பொருள்களோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். அது அப்போது விலக்குக்குள் வரவில்லை. 40,000 ரூபாய் மதிப்புப் போட்டு 15,400 ரூபாய் தீர்வை வாங்கினார்கள். பணத்தை நான் பொருட்படுத்தவில்லை. அந்த ஒரு பதிவைப் பார்த்த பிறகு முழுப் பட்டியலையும் அவர் சந்தேகத்தோடு படித்ததும், பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னதும்தான் எனக்கு வருத்தமாக இருந்தது.

பத்மநாபன்

இளங்கோ, 182 நாள் கணக்கை ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு வாரியாகப் பிரித்துக் காட்டியிருந்தால் நீங்கள் வரம்புக்குள்ளேயே வந்திருப்பீர்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் காட்டுகிறேன்.

கலைவாணி

பத்மநாபன் சொல்வது வருமான வரிக்கான கணக்கு. சுங்கத்தில் நீங்கள் நிரந்தரமாக வந்து இறங்கிய நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு ஆண்டுகளை எண்ணுகிறார்கள். நிதியாண்டுக்கு அங்கே இடமில்லை.

மெஹருன்னிசா

எங்கள் வீட்டில் கதை சுருக்கமானது. கணவர் ஏற்கெனவே ஒருமுறை இச்சலுகையைப் பெற்று, மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் மறுபடியும் திரும்பினார். கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அந்த மூன்று ஆண்டு நிபந்தனையை யாராலும் தளர்த்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள், தீர்வையைக் கட்டினோம்.

ஆனால் இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சரக்கை எப்போது ஏற்றுவது என்பதையும் கடிதத்தோடு சேர்த்தே யோசியுங்கள். நீங்கள் வருவதற்கு முன் பொருள்கள் வந்து சேரலாம் என்றாலும் பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் முந்திவிடக் கூடாது. வந்த பிறகு அனுப்புவதானால் ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். நோய், இயற்கைப் பேரிடர், போக்குவரத்துத் தடை போன்றவற்றால் தாமதமானால் அதற்கும் தனியே அனுமதி கேட்க முடியும், ஆனால் அதற்கும் ஒரு கடிதம், அதற்கும் சான்று என்று வேலை இரட்டிப்பாகும். தந்தையின் நோய்க்காக ஒரு தளர்வு கேட்கும் நிலையில் இருப்பவர் பொருள்களின் தேதிக்காக இன்னொன்றையும் கேட்கும் நிலைக்குத் தன்னைத் தள்ளக் கூடாது. கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதைக் கையோடு கொண்டு வாருங்கள். தானியங்கி வாயில்களில் வெளிநாட்டு முத்திரை விழாத இடங்களில், அந்நாட்டுக் குடியேற்றத் துறையிடமிருந்து வருகை, புறப்பாட்டுப் பதிவை வாங்கிக்கொண்டே புறப்படுங்கள், திரும்பி வந்த பிறகு அதை வாங்குவது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் திரும்பும் நாளில் நடப்பில் உள்ள அறிவிக்கையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இங்கே பேசப்படும் தொகைகளும் நிபந்தனைகளும் 2016 விதிகளுக்கு உரியவை, அவற்றுக்குப் பதிலாக 2026-இல் புதிய விதிகள் வந்துவிட்டன.

இளங்கோ

கலைவாணி அம்மா சொன்னதைத்தான் இரண்டாவது கடிதத்தில் செய்தேன் என்று இப்போது விளங்குகிறது. வருகைகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்றின் எண்ணைக் குறித்து, ஆணையருக்கு முகவரியிட்டு, பொதிப் பிரிவின் வழியாகக் கொடுத்தேன். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வந்திறங்கும் நாளையும் புறப்படும் நாளையும் சேர்த்து எண்ணினால் ஒரு கூட்டுத்தொகை வருகிறது, விட்டு எண்ணினால் வேறொன்று வருகிறது. பென்சிலால் எண்ணியவர் இரண்டையும் சேர்த்தார்.

கலைவாணி

இதில் அதிகாரிக்கு அதிகாரி வேறுபாட்டைப் பார்த்திருக்கிறேன், ரஃபீக்கின் மைத்துனருக்கு எப்படி எண்ணினார்கள் என்று தெரிந்தால் சொல்லட்டும். எல்லைக்கோட்டில் இருப்பவர் இரு நாள்களையும் சேர்த்த கூட்டுத்தொகையையே கடிதத்தில் காட்டி, அதற்கே தளர்வு கேட்பது பாதுகாப்பானது. குறைவான எண்ணிக்கை வேண்டும் என்றால் அதை அதிகாரியே ஏற்றுக்கொள்ளட்டும்.