கடைவீட்டு வாடகைக்கு 8 விழுக்காடு சேவை வரி வாங்கிவிட்டேன்

சுங்கை சிப்புட்காரன்:
எனக்கு இரண்டு கடைவீடு. கீழே ஒன்றில் மளிகைக்கடை, 1,800 வெள்ளி. மற்றதில் தையல் கடை, 2,200. மேல்மாடியில் ஓர் ஆசிரியர் குடும்பம், 900. 2025 ஜூலையிலிருந்து வாடகைக்கும் சேவை வரி என்று செய்தி வந்ததும், தெரிந்த ஏஜென்ட் ஒருவர் "உடனே போடுங்க" என்றார். மளிகைக்கடையில் 144 வெள்ளி கூட்டி வாங்கினேன். மறுமாதம் அந்தத் தம்பி ரசீதைக் காட்டி, "அண்ணே, இதில் உங்க எஸ்எஸ்டி நம்பர் எங்கே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. 144ஐயும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் அநியாயமாக வாங்கிவிட்டோமே என்று இன்னும் உறுத்துகிறது.

தாமான் அக்கா:
ஆண்டு வாடகை எல்லை 500,000 வெள்ளி, அண்ணா. உங்களுக்கு வராது.

ஈப்போ கணக்கர்:
அக்கா சொல்வது முதல் அறிவிப்பில் வந்தது. ஜூலை 1க்கு முன்பே அதை 1 மில்லியனாக உயர்த்திவிட்டார்கள். 12 மாத வாடகை அதைத் தாண்டினால்தான் பதிவு. குடியிருக்க விட்ட வீடு கணக்கில் சேராது. ஆக ஆசிரியரின் 900ஐ விட்டுவிட்டால் உங்களுக்கு மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000. எல்லைக்கு எங்கேயோ கீழே இருக்கிறீர்கள். பதிவு இல்லாதவர் வரி என்று எழுதி ஒரு காசு வாங்கக் கூடாது. வாங்கிய பணத்தைச் சுங்கத்துறைக்குக் கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. திருப்பித் தருமுன் அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

பாப்பா கடை:
எனக்கும் மாவட்ட மன்றத்திலிருந்து கதவு வரி ஏறி வந்திருக்கிறது. இதுதானா?

ஈப்போ கணக்கர்:
இல்லைம்மா, அது வேறு. வீட்டு வாடகைக்கு வருமான வரியும் தனி.

லோரி முதலாளி:
எனக்கு வேறு சிக்கல். ஸ்டோர் வாடகை ஆண்டுக்கு 240,000. தோட்டங்களுக்கு லோரியும் டிராக்டரும் வாடகைக்கு விடுவதில் 780,000. தனித்தனியாகப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். இரண்டும் என் பெயரில்தான்.

ஈப்போ கணக்கர்:
பொருள் வாடகையும் இதே வகைதான், கூட்டித்தான் பார்க்க வேண்டும். 1,020,000 ஆகிறது. செப்டம்பர் முடிவில் தாண்டியிருந்தால், அக்டோபர் 31க்குள் MySST தளத்தில் விண்ணப்பம். நவம்பர் 1இலிருந்து வரி. அதற்கு முந்தைய வாடகைக்கு வரி போடாதீர்கள். அப்புறம், உங்கள் ஸ்டோரில் இருப்பவர் சிறு வியாபாரியா என்றும் கேளுங்கள். அவருடைய ஆண்டு விற்பனை 1 மில்லியனுக்குக் கீழே இருந்தால் 2025இல் அவருக்கு விலக்கு இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அந்த அளவு 1.5 மில்லியன், விகிதமும் 6 ஆகிவிட்டது. பழைய ரசீது மாதிரியை வைத்து 8 போட்டுவிடாதீர்கள்.

லோரி முதலாளி:
ஸ்டோர் கிராண்டில் தம்பி பெயரும் இருக்கிறது. அப்போது 240,000இல் பாதிதான் என் கணக்கா?

ஈப்போ கணக்கர்:
ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து, வாடகை யார் கணக்கில் விழுகிறது என்று பார்க்காமல் நான் வாய் திறக்க மாட்டேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சுங்கை சிப்புட்காரன்:
அந்த 144 விஷயமாக நானும் திங்கட்கிழமை போகிறேன். மளிகைத் தம்பியிடம் ரசீது நகல் கேட்டிருக்கிறேன்.