முன்மொழிவில் ஒரு தலைப்புக்கு இடமில்லை, புள்ளி மட்டும் இருக்கிறது

வணக்கம். திருகோணமலையில் சிறிய நில அளவை நிறுவனம் வைத்திருக்கிறோம். குச்சவெளிப் பக்கம் ஒரு குளப் புனரமைப்புக்கான அளவை வேலைக்கு முன்மொழிவு கேட்டிருக்கிறார்கள். இரண்டு உறை முறை, வெள்ளிக்கிழமை கடைசி.

அறிவுறுத்தல் பகுதி அனுபவம், அணுகுமுறை, ஆளணி என்ற ஒழுங்கில் 25 பக்கத்துக்குள் எழுதச் சொல்கிறது. மதிப்பீட்டுப் பகுதியிலோ ‘மாரிகால வேலைத்திட்டம்’ என்று தனியாக 15 புள்ளி.

‘வேண்டும்’ என்று முடியும் ஒவ்வொரு வசனத்தையும் அட்டவணையாக்கி, எதிரே எங்கள் பக்க எண்ணைப் போட்டேன். இந்த வரி மட்டும் வெறுமையாக நிற்கிறது. விளக்கம் கேட்கும் திகதி முடிந்துவிட்டது. இணைப்பாக வைக்கலாமென்றால், இணைப்புகளுக்குப் புள்ளி கிடையாதாம்.

மதிப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: அணுகுமுறைக்குள் அதே சொற்களில் உபதலைப்பு போட்டு எழுதினால், அறிவுறுத்தலை மீறியதாக எடுப்பீர்களா?