புதுப்பிப்பு: அட்டையில் இருந்த மூன்று எண்கள்

முன்பு கேட்டது: “விசிட்டிங் கார்டைப் படமெடுத்தால் தொலைநகல் எண்ணே கைபேசி எண்ணாகப் பதிவாகிறது. ஏன்?”

கிளிநொச்சி உழவு இயந்திரக் கடைக்காரரின் எண் இப்போது சரியாகிவிட்டது. வெளிச்சம் போதாது என்று தம்பி ஒருவர் பதிலில் சொன்னது பாதி உண்மை. நிழலில் ஒரு 8, 3 ஆகியிருந்தது. மூல காரணத்தைக் கண்டவர் வவுனியா அண்ணா. எண்களுக்கு முன்னிருந்த, தொலைபேசி, தொலைநகல், கைபேசி என்று காட்டும் டி, எஃப், எம் எழுத்துகள் தனி நிரலாக வாசிக்கப்பட்டு எண்களைவிட்டுப் பிரிந்திருந்தன.

இலங்கையில் 07 என்று தொடங்குவதே கைபேசி. 021 நிலையான இணைப்பு. முதல் 0 ஐ நீக்கி +94 சேர்த்தேன். அதன்பின் 9 இலக்கங்கள் வரவேண்டும். 8, 3 குழப்பத்தை அந்த எண்ணிக்கை காட்டாது. அட்டையோடு ஒப்பிட்டே திருத்தினேன்.

அட்டை அச்சிடுவது பற்றிப் பதில் எழுதிய அக்கா, நான் கேட்டது அதைப் பற்றியல்ல. ‘விற்பனை முகாமையாளர்’ என்ற பதவி இன்னும் கடைப்பெயரோடு ஒட்டியே வருகிறது. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.