பொருள்: ஜெராக்ஸில் காணாமல் போகும் தலைப்பு – ஒரு சொல் தேவை

கையேட்டுத் தொகுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுவரொட்டி வடிவமைப்புக் கையேட்டில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். டெங்கு விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்று. பச்சைப் பின்னணியில் சிவப்பில் ‘தண்ணீர் தேங்க விடாதீர்’ என்று தலைப்பு. திரையில் எடுப்பாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் தலைப்பையே காணோம், வெறும் சாம்பல் பட்டைதான் வருகிறது. நிறம் வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிறியும் மற்றது கறுத்தும் இருக்கவேண்டும் என்று சொல்ல வருகிறேன். அந்த இடைவெளிக்கு என்ன சொல் போடலாம்? ‘நிறவேறுபாடு’ என்று போட்டால் சிவப்பும் பச்சையும் போதுமே என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

‘ஒளிர்வு வேறுபாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு? இன்னொன்று, சிவப்பு 255,0,0, பச்சை 0,128,0 என்று வைத்து நிறச்செறிவைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். சிவப்பு நடுச்சாம்பலாகவும் பச்சை நல்ல கருஞ்சாம்பலாகவும் வந்தன, தலைப்பைப் படிக்க முடிகிறது. கோளாறு கடை எந்திரத்தில்தான் இருக்கும்.

அச்சு வடிவமைப்பாளர்:

தம்பி, எந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்த முறைதான் ஏமாற்றுகிறது. செறிவைக் குறைக்கும் அந்த நழுவி, மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. அதில் சிவப்பு 128, பச்சை 64. ஆனால் நம் கண்ணுக்குப் பச்சை ஒளி அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் படும். அதைக் கணக்கில் எடுக்கும் வாய்பாடு இது. R, G, B என்பவை சிவப்பு, பச்சை, நீல எண்கள்; விடை 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

இப்போது சிவப்பு 76, பச்சை 75. அதாவது ஒரே சாம்பல். இன்றைய டிஜிட்டல் எந்திரங்கள் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் மாற்றும். இந்த வாய்பாட்டின்படி சாம்பலாக்கிப் பாருங்கள், கடையில் வந்த பட்டை அப்படியே வரும்.

நிறங்களைக் கைவிட வேண்டியதில்லை. பின்னணியை 200,230,200 ஆக்கினால் 218 வரும். எழுத்தை 150,0,0 என்ற கருஞ்சிவப்பாக்கினால் 45. இப்போதும் பச்சைமேல் சிவப்புதான், ஆனால் நகலில் தெளிவாக நிற்கும். மஞ்சளில் மட்டும் கவனம் தேவை. அது 226 என்பதால் வெள்ளைத் தாளில் கரைந்துவிடும், கரும்பச்சைமேல் பிரமாதமாக வரும்.

‘ஒளிர்வு’ எனக்குச் சரியாகப் படவில்லை. பளிச்சென்ற சிவப்பைத்தான் வாடிக்கையாளர் ‘ஒளிர்கிறது’ என்பார். நகலில் கறுத்துப்போவதும் அதே சிவப்புதான். வெளிர் நீலம், வெளிர் பச்சை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அதனால் ‘வெளிர்மை வேறுபாடு’ என்பேன்.

பள்ளி ஆசிரியை:

நிறக்குருடு உள்ள மாணவர்களைப் பற்றிய பேச்சு என்று நினைத்து இழையைத் திறந்தேன். இருந்தாலும் என் சங்கதியும் இதுதான் போலிருக்கிறது. வினாத்தாள் வரைபடத்தில் ஆறு நீலம், மாவட்ட எல்லை சிவப்பு. நகலில் இரண்டும் கருங்கோடு, எது ஆறு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மெல்லிய கோட்டை வெளிறவைத்தால் மறைந்தே போகிறதே, என்ன செய்வது?

அச்சு வடிவமைப்பாளர்:

அம்மா, மெல்லிய கோட்டுக்கு வெளிர்மை உதவாது. எல்லையைப் புள்ளிக்கோடாக்குங்கள், ஆற்றின் பெயரைக் கோட்டின்மேலேயே எழுதுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர்:

நாங்கள் ‘லைட்டு, டார்க்கு’ என்போம், அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்பட்டதில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வெளிர் பச்சை, எழுத்துக்கான அமைப்பில் எடுத்தால் வெள்ளையாகப் போய்விடும், நல்லதுதான். படத்துக்கான அமைப்பில் எடுத்தால் பொடிப்பொடிப் புள்ளிகளாக விழும். சின்ன எழுத்தில் ‘தண்ணீர்’ இருந்தால் எது மெய்யின் புள்ளி, எது எந்திரம் போட்டது என்றே தெரியாது. பொடி எழுத்துக்குப் பின்னால் வெள்ளை விடச் சொல்லுங்கள். அப்புறம், பழைய அனலாக் எந்திரத்துக்கு உங்கள் வாய்பாடு தெரியாது. செலீனியம் டிரம் இருந்த காலத்தில் சிவப்பு கறுப்பாகும், வெளிர் நீலம் காணாமலே போகும்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

வாய்பாட்டின்படி மாற்றிப் பார்த்துவிட்டேன், பட்டைதான். கணக்கை ஒப்புக்கொள்கிறேன், சொல்லை இல்லை. மென்பொருள் பட்டியில் அதே எண்ணுக்கு ‘ஒளிர்வு’ என்றிருக்க, கையேட்டில் ‘வெளிர்மை’ என்றால் படிப்பவர் இரண்டும் வேறு என்று நினைப்பார்.

கையேட்டுத் தொகுப்பாளர்:

வடிவமைப்பு அத்தியாயத்தில் ‘வெளிர்மை வேறுபாடு’ என்றே போடுகிறேன். மென்பொருள் பகுதியில் என்ன செய்வது என்பதை அடுத்த வரைவில் பார்ப்போம். ‘கருமைப்படி’ என்று ஒருவர் தனிமடலில் பரிந்துரைத்திருக்கிறார். படி என்றால் நகல் என்றும் பொருள், அதிலும் ஜெராக்ஸ் பற்றிய பக்கத்தில். அது வேண்டாம். தலைப்பை 150,0,0-க்கு மாற்றிவிட்டேன். கடைக்கார அண்ணன் இரண்டு அமைப்பிலும் ஒரு நகல் எடுத்துப் படம் அனுப்பினால் கையேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம்.